டிஸ்கவரி காலுக்குப் பின் அனுப்பும் மின்னஞ்சல்: தேவையைத் தொகுத்து, ஒரே ஓர் அடுத்த படியை முன்வைக்கும் முறை

ஒரு நிறுவனத்தாருடன் முதல் முறையாக அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ பேசி, அவர்களுக்கு என்ன சிக்கல் இருக்கிறது, அதை இதுவரை எப்படிச் சமாளித்து வருகிறார்கள், யார் முடிவெடுப்பார்கள் என்பதைக் கேட்டறியும் அழைப்பை விற்பனைத் துறையில் டிஸ்கவரி கால் என்கிறோம். அது முடிந்ததும் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைச் சிலர் நன்றிக் கடிதமாக எழுதுகிறார்கள். வேறு சிலர் தங்கள் பொருளின் வசதிகளை அடுக்கும் விளம்பரத் தாளாக எழுதுகிறார்கள். இரண்டுமே அந்த மின்னஞ்சல் செய்ய வேண்டிய வேலையைச் செய்வதில்லை.

அந்த வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள, மின்னஞ்சல் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனங்களுக்கு விற்கும்போது, நம்மிடம் பேசியவர் தனியாக முடிவெடுப்பது அரிது. அவர் தம் மேலதிகாரியிடமோ நிதிப் பொறுப்பாளரிடமோ போய், "இப்படி ஒருவரிடம் பேசினேன்" என்று சொல்லியாக வேண்டும். அப்போது அவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம், நாம் அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே முன்னனுப்புவதுதான். ஆகவே, பெறுநர் இடத்தில் எவர் பெயர் இருந்தாலும், அழைப்பில் இல்லாத அந்த இன்னொருவர் படித்தால் புரியுமா என்ற அளவுகோலைக் கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஓர் அளவுகோலைத்தான் பின்பற்றுகிறது.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கட்டடங்களில் குளிர்சாதனக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம்; அதில் 45 தொழில்நுட்பப் பணியாளர்கள். களப்பணியைப் பதிவுசெய்யும் மென்பொருளை விற்கும் நாம், அந்நிறுவனத்தின் செயல்பாட்டு மேலாளருடன் மே 12, செவ்வாய்க்கிழமை பேசினோம் என்று வைத்துக்கொள்வோம். பணியாளர்கள் செய்த வேலையைக் காகித ஜாப் கார்டில் எழுதுகிறார்கள், அலுவலகத்தில் இருவர் அதை எக்செல் தாளில் தட்டச்சு செய்கிறார்கள், பில் போக 18 நாள் ஆகிறது என்று அவர் சொன்னார்.

## முதல் படி: அழைப்பின் கடைசி ஐந்து நிமிடம்

நல்ல மின்னஞ்சல் அழைப்பு முடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பேச்சு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்தி, "நான் புரிந்துகொண்டதை ஒருமுறை சொல்கிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள்" என்று கேட்டு, மூன்று நான்கு வாக்கியங்களில் வாய்மொழியாகத் தொகுத்துச் சொல்ல வேண்டும். அவர் அந்த இடத்தில் திருத்துவது மின்னஞ்சலில் வரப்போகும் ஒரு பிழையை முன்கூட்டியே நீக்கிவிடும். அவர் எந்த இடத்தில் "ஆமாம், அதுதான்" என்று அழுத்திச் சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். தொகுப்பில் முதலாவதாக வர வேண்டியது அந்தச் சிக்கல்தான்.

நம் நிகழ்வில், பில் தாமதத்தையே பெரிய சிக்கலாக நினைத்து நாம் முதலில் சொன்னோம். மேலாளரோ, "தாமதம்கூடப் பரவாயில்லை, பணியாளர் வரவே இல்லை என்று வாடிக்கையாளர் சொல்லும்போது எங்களிடம் காட்ட எதுவும் இல்லை என்பதுதான் தொல்லை" என்றார். வரிசை அங்கேயே மாறிவிட்டது. இதைக் கேட்காமல் விட்டிருந்தால், மின்னஞ்சலில் எழுதிய எல்லாம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அவர் மனத்தில் இருக்கும் சிக்கல் மூன்றாவது இடத்தில் கிடந்திருக்கும்.

அடுத்த படியையும் இதே ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட வேண்டும். நாள், நேரம், யார் கலந்துகொள்வது ஆகியவை அழைப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், மின்னஞ்சல் அதை உறுதிசெய்யும் ஆவணமாகிறது. ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் அது ஒரு வேண்டுகோள். உறுதிப்படுத்தலுக்குப் பதில் வருவது எளிது, வேண்டுகோளுக்கு அப்படியல்ல.

## இரண்டாம் படி: குறிப்புகளைத் தரம் பிரித்தல்

அழைப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அன்று மாலைக்குள் நினைவு மங்கிவிடாது என்றாலும், இன்னும் இரண்டு அழைப்புகளுக்குப் பிறகு எந்த நிறுவனம் எதைச் சொன்னது என்பது கலந்துபோகும்.

குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாக அடையாளமிடுங்கள்: அவர் சொன்னது, நாம் ஊகித்தது, இன்னும் தெரியாதது. இந்தப் பிரிப்பு சிறிய வேலைபோலத் தோன்றும். ஆனால் இந்த வகை மின்னஞ்சல்கள் நம்பிக்கையை இழப்பது பெரும்பாலும் நம் ஊகத்தை அவர் சொன்னதுபோல எழுதிவிடும் இடத்தில்தான். "உங்களுக்கு நிகழ்நேரத் தரவுப் பலகை தேவைப்படுகிறது" என்று எழுதினால், அவர் அந்தச் சொல்லை உச்சரிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னது, "எந்தப் பணியாளர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளப் பத்துப் பேருக்குப் போன் செய்கிறேன்" என்பது. பின்னதை எழுதினால் அவர் தலையசைப்பார். முன்னதை எழுதினால் விற்பனையாளர் பேசத் தொடங்கிவிட்டார் என்று நினைப்பார்.

நம் நிகழ்வில் குறிப்புகள் இப்படிப் பிரிந்தன. நாளொன்றுக்குச் சுமார் 60 ஜாப் கார்டுகள், நூற்றுக்கு ஐந்து பில்கள் தகராறுக்குள்ளாகின்றன, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு செயலியைப் பணியாளர்கள் சில வாரங்களில் கைவிட்டார்கள், காரணம் கட்டடங்களின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் அது நின்றுபோனது: இவை அவர் சொன்னவை. மாதத்துக்கு 72 தகராறுகள் வரும் என்பது நம் கணக்கு. 60 கார்டுகளை 24 வேலை நாளால் பெருக்கினால் 1,440, அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 72. இந்த எண் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆகவே மின்னஞ்சலில் போட வேண்டுமானால், எப்படி வந்தது என்று சொல்லியே போட வேண்டும். தகராறுகளில் எத்தனை, கையொப்பம் இல்லாத கார்டுகளால் வருகின்றன என்பது இன்னும் தெரியாதது.

## மூன்றாம் படி: தேவைகளைத் தொகுத்தல்

தொகுப்பு என்றதும் கேட்டவை எல்லாவற்றையும் எழுதிவிடும் ஆசை வரும். அது கூட்டக் குறிப்பு ஆகிவிடும். அதை யாரும் இறுதிவரை படிப்பதில்லை. மூன்று அல்லது நான்கு கருத்துகள் போதும். நான் தேர்ந்தெடுக்கும் முறை இது: இந்த ஒரு வரியை நீக்கினால், அழைப்பில் இல்லாத நிதித் தலைவருக்கு அடுத்த சந்திப்பு எதற்கு என்று புரியாமல் போகுமா? போகும் என்றால் அது இருக்க வேண்டும். இல்லை என்றால் நம் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு கருத்திலும் முடிந்தவரை இரண்டு பகுதிகள் சேர்ந்து வர வேண்டும்: இப்போது என்ன நடக்கிறது, அதனால் என்ன விளைகிறது. "ஜாப் கார்டுகள் காகிதத்தில் உள்ளன" என்பது வெறும் நிலைமை. "கார்டுகள் காகிதத்தில் இருப்பதால், பணியாளர் வரவில்லை என்று வாடிக்கையாளர் மறுக்கும்போது காட்டச் சான்று இல்லை, அந்த பில்கள் நிலுவையில் நிற்கின்றன" என்பது சிக்கல். முதலாவதைப் படிக்கும் நிதித் தலைவர், "அதனால் என்ன?" என்று கேட்பார். இரண்டாவதைப் படித்தால், எத்தனை பில்கள் என்று கேட்பார். நாம் விரும்பும் உரையாடலும் அதுவே.

முன்பு முயன்று தோற்ற செய்தியைத் தொகுப்பில் சேர்ப்பதா என்று தயங்குவோர் உண்டு. பழைய கசப்பைக் கிளறுவானேன் என்பது அவர்கள் எண்ணம். சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அந்த நிறுவனத்தில் இந்தப் பேச்சு எழுந்தவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வரப்போவது அந்தப் பழைய செயலிதான். நாம் அதைக் குறிப்பிடாவிட்டால், நமக்கு அது தெரியாது என்றோ, தெரிந்தும் மறைக்கிறோம் என்றோ நினைப்பார்கள். குறிப்பிடும்போது பழைய விற்பனையாளரைக் குறை சொல்லக் கூடாது. காரணத்தை மட்டும், அவர் சொன்ன அளவில் எழுத வேண்டும்.

காலக்கெடு இருந்தால் அதன் காரணத்தோடு எழுத வேண்டும். "ஜூலைக்குள் வேண்டும்" என்பதைவிட, "ஜூலை 1 முதல் புதிய ஒப்பந்தத்தின்படி மேலும் 80 கட்டடங்கள் சேர்கின்றன" என்பது வலுவானது. காரணம் தெரிந்தால், அந்த நாள் தள்ளிப்போகக்கூடியதா இல்லையா என்று படிப்பவரே முடிவுசெய்துகொள்வார். நாமாக ஓர் அவசரத்தை உண்டாக்கி எழுதக் கூடாது. அது உடனே தெரிந்துவிடும்.

தொகுப்பின் முடிவில் திருத்தம் கேட்டு ஒரு வரி வேண்டும். மரியாதைக்காகக் கேட்பது போன்ற பொதுவான வரியாக அது இருந்தால் யாரும் திருத்த மாட்டார்கள். எந்த இடத்தில் நமக்கு ஐயம் இருக்கிறதோ அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்: "72 என்பது என் கணக்கு; உண்மை எண் இதைவிடக் குறைவா கூடுதலா?" என்று கேட்டால் ஓர் எண்ணையாவது எழுதி அனுப்புவார்கள்.

## நான்காம் படி: எழுதக் கூடாதவற்றை நீக்குதல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அழைப்பில் மனம்விட்டுப் பேசும்போது, மேலாளர் சில செய்திகளைச் சொல்லியிருப்பார்: "எங்கள் நிதித் தலைவருக்கு மென்பொருள் என்றாலே வீண் செலவு என்ற எண்ணம்", "தட்டச்சு செய்யும் இருவரில் ஒருவர் சரியில்லை", "இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை." இவற்றில் ஒன்றுகூட மின்னஞ்சலில் வரக் கூடாது. முன்னனுப்பப்படும் மின்னஞ்சலில் அவை இருந்தால், மேலாளர் தம் அலுவலகத்தில் சங்கடப்படுவார். அல்லது அதைத் தவிர்க்க, முன்னனுப்பாமலே விட்டுவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு இழப்பு.

ஆனால் அந்தச் செய்திகளுக்குள் இருக்கும் பயனுள்ள பகுதியை வேறு வடிவில் கொண்டுவரலாம். நிதித் தலைவரின் ஐயத்தை, "செலவு எந்த வகையில் திரும்பக் கிடைக்கும் என்பதை நிதித் தலைவர் தம் சொந்த எண்களைக் கொண்டு பார்க்க வேண்டும்" என்று அடுத்த சந்திப்பின் நோக்கமாக மாற்றினால், அவரே படித்தாலும் தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

நம் பொருளின் வசதிப் பட்டியல், நிறுவன வரலாறு, பிற வாடிக்கையாளர் பெயர்கள் ஆகியவையும் இங்கே வேண்டாம். விலை கேட்டிருந்தால் மட்டும் விலையைப் பற்றி ஒரு வரி எழுதலாம். கேட்காதபோது விலைப்புள்ளியை இணைப்பது, அழைப்பில் இல்லாதவருக்குச் சிக்கலைக் காட்டும் முன் செலவைக் காட்டுவதாகும்.

## ஐந்தாம் படி: ஒரே ஓர் அடுத்த படி

"டெமோ பார்க்கலாம், அல்லது விலைப்புள்ளி அனுப்பவா, அல்லது எங்கள் பிற வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்யவா? உங்களுக்கு எது வசதியோ சொல்லுங்கள்" என்று எழுதுவது தாராளமாகத் தோன்றும். உண்மையில் அது முடிவெடுக்கும் சுமையை அவர் தலையில் வைப்பதாகும். மூன்றில் எது சரி என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. பிறகு பார்க்கலாம் என்று மூடிவைப்பார். நமக்கு இந்த வேலையில் அனுபவம் இருக்கிறது. எது அடுத்தது என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் நம்முடையது.

அடுத்த படியைத் தேர்ந்தெடுக்க, இப்போது முடிவைத் தடுத்துநிறுத்துவது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் நிகழ்வில் தடை இரண்டு: சிக்னல் இல்லாத அடித்தளத்தில் இது வேலை செய்யுமா என்ற ஐயம், நிதித் தலைவர் இன்னும் பேச்சிலேயே இல்லை என்பது. பொதுவான டெமோ இரண்டையும் தீர்க்காது. அவர்களுடைய ஐந்து பழைய ஜாப் கார்டுகளை எடுத்துக்கொண்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பணியாளர் பதிவுசெய்வதிலிருந்து பில் வரைக்கும் நிதித் தலைவர் முன்னிலையில் நடத்திக்காட்டினால் இரண்டும் ஒரே சந்திப்பில் தீரும். அடுத்த படி என்பது அதன் உள்ளடக்கத்தால் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் பெயரால் அல்ல.

அந்தப் படியை எழுதும்போது ஆறு விவரங்கள் இடம்பெற வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் யார் இருக்க வேண்டும், அதற்கு முன் யார் எதைத் தயார்செய்வது, முடிவில் எதைத் தீர்மானிப்போம். கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சந்திப்பின் முடிவில் என்ன தீர்மானம் எடுக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், "நன்றாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம்" என்று முடியும் வாய்ப்புக் குறையும். அதோடு, பொருந்தவில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் வெளிப்படையாக எழுதலாம். அப்படி எழுதினால் விற்பனை கைநழுவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மறுக்க வழி இருப்பது தெரிந்தால் மனிதர்கள் எளிதாக வருவார்கள்.

நேரத்தை எழுதும்போது ஒரே ஒரு நேரத்தை முன்வைத்து, மாற்றாக இன்னொன்றைத் தரலாம். இரு தரப்பும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால் அவர்களுடைய நேரத்தை முதலில் எழுத வேண்டும். நாமே நாள்காட்டி இணைப்பைக் கொடுத்து "உங்களுக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று விடுவது, மூன்று பேர் கூட வேண்டிய சந்திப்பில் பயன் தராது. இணைப்பைத் திறப்பவருக்கு மற்ற இருவரின் நேரம் தெரியாது.

## மின்னஞ்சல் முழுமையாக

பொருள் வரியில் அவர்களுடைய சிக்கலும் அடுத்த படியும் தெரிய வேண்டும். "உரையாடலுக்கு நன்றி" என்ற பொருள் வரி ஒரு வாரம் கழித்துத் தேடினால் அகப்படாது. முன்னனுப்பினால் படிப்பவருக்கு எதுவும் சொல்லாது. தொடக்க வணக்கத்துக்குப் பின் நன்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நம் நிகழ்வுக்கான மின்னஞ்சலை, பெயர்களை நீக்கி, கீழே தருகிறேன்.

> பொருள்: ஜாப் கார்டு சான்றும் பில் தகராறும் – மே 20, புதன் காலை 11 மணிச் சந்திப்பு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். இன்று நேரம் ஒதுக்கி விளக்கமாகப் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். அழைப்பில் இல்லாதவர்களும் படிக்கும்படி சுருக்கமாக வைத்திருக்கிறேன்.
>
> 1. பணியாளர் வரவில்லை என்று வாடிக்கையாளர் மறுக்கும்போது காட்டச் சான்று இல்லை. நூற்றுக்கு ஐந்து பில்கள் இப்படித் தகராறில் நிற்கின்றன என்றீர்கள். நாளுக்கு 60 கார்டுகள், மாதம் 24 வேலை நாள் என்று கொண்டால், மாதத்துக்கு 72 பில்கள் ஆகின்றன. இந்தக் கணக்கு என்னுடையது.
>
> 2. கார்டுகளை அலுவலகத்தில் இருவர் மீண்டும் தட்டச்சு செய்வதால், வேலை முடிந்து பில் போக 18 நாள் ஆகிறது.
>
> 3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய செயலி, அடித்தளங்களில் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுபோனதால் பணியாளர்கள் அதைக் கைவிட்டார்கள். எந்தப் புதிய முறையும் முதலில் இந்தச் சோதனையில் தேற வேண்டும்.
>
> 4. ஜூலை 1 முதல் புதிய ஒப்பந்தத்தின்படி மேலும் 80 கட்டடங்கள் சேர்கின்றன. அதற்குள் மாற்றம் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.
>
> எனக்கு ஐயம் உள்ள இடம் ஒன்று: தகராறுகளில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் கையொப்பம் இல்லாத கார்டுகளால் வருகின்றனவா, அல்லது வேறு காரணமா? 72 என்ற எண் உண்மைக்கு அருகில் இருக்கிறதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.
>
> அடுத்த படியாக நான் முன்வைப்பது: மே 20, புதன்கிழமை காலை 11 மணிக்கு, 45 நிமிடக் காணொளிச் சந்திப்பு. நீங்களும் உங்கள் நிதித் தலைவரும் களப்பணி மேற்பார்வையாளர் ஒருவரும் கலந்துகொள்ள வேண்டுகிறேன். திங்கட்கிழமைக்குள் பழைய ஜாப் கார்டுகள் ஐந்தின் படங்களை, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, அனுப்பிவையுங்கள். அவற்றையே கொண்டு, இணைய இணைப்பு இல்லாத நிலையில் பதிவுசெய்வதிலிருந்து பில் உருவாவது வரை நடத்திக்காட்டுகிறேன். முடிவில், ஒரு கட்டடத்தில் இரண்டு பணியாளர்களைக் கொண்டு சோதனை நடத்துவதா, அல்லது இது உங்களுக்குப் பொருந்தவில்லை என்று இத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவுசெய்யலாம்.
>
> இந்த நேரம் சரி என்றால், "சரி" என்று பதில் எழுதினால் போதும். மூவருக்கும் நாள்காட்டி அழைப்பு அனுப்பிவிடுகிறேன். இல்லையெனில் மே 21, வியாழன் பிற்பகல் 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.
>
> அன்புடன்,
> (பெயர், தொலைபேசி எண்)

இது சற்று நீண்ட மின்னஞ்சல். சிக்கல் எளிதாக இருந்தால் இதில் பாதி அளவே போதும். இதற்கு மேல் நீளுமானால், மூன்றாம் படியில் கேட்டுக்கொண்ட கேள்வியை மீண்டும் ஒவ்வொரு வரியிடமும் கேட்க வேண்டும். கைப்பேசித் திரையில் ஒருமுறை திறந்து பாருங்கள்: அடுத்த படி என்ற வரியை அடைவதற்கு நான்கைந்து முறைக்கு மேல் விரலால் தள்ள வேண்டியிருந்தால், அது நீளம்.

நான்கு கருத்துகளிலும் நம் மென்பொருளின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனிக்கலாம். அடுத்த படியில் வரும் "நடத்திக்காட்டுகிறேன்" என்ற ஒரு சொல்லில்தான் அது மறைந்திருக்கிறது. முதன்முதலில் இப்படி எழுதும்போது கை தானாக இன்னொரு பத்தியைச் சேர்க்கப் பார்க்கும்; சேர்க்காமல் அனுப்புங்கள்.

## அனுப்புதல்

அழைப்பு நடந்த அன்றே அனுப்புவது நல்லது. மாலையில் நடந்த அழைப்பு என்றால் மறுநாள் முற்பகலுக்குள். தாமதமானால் இழப்பது நம் மரியாதையை மட்டுமன்று. அவர் அன்று மாலையே நிதித் தலைவரைச் சந்திக்க நேர்ந்தால், கையில் எதுவும் இல்லாமல் நினைவிலிருந்து சொல்வார். பிறகு நாம் அனுப்பும் தொகுப்பு அவர் ஏற்கெனவே சொன்னதோடு மோதும்.

அழைப்பில் இருந்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். நிதித் தலைவரின் முகவரி தெரிந்தாலும் நாமாக நகல் போடக் கூடாது. அவரை எப்போது, எப்படிச் சேர்ப்பது என்பது மேலாளரின் உரிமை. இணைப்புகள் வேண்டாம். நாள்காட்டி அழைப்பைப் பொறுத்தவரை, நேரம் அழைப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் மின்னஞ்சலோடு சேர்த்தே அனுப்பலாம். இல்லையென்றால் "சரி" வந்த பிறகுதான்.

## பதிலைப் படித்தல்

வரக்கூடிய பதில்களில் மிகச் சிறந்தது பாராட்டு அன்று, திருத்தம். "72 இருக்காது, 40 இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் பெரிய கட்டடங்களின் பில்கள்" என்று பதில் வந்தால், அவர் நிறுவனத்துக்குள் யாரையோ கேட்டுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். எண் குறைந்ததற்காக வருந்த வேண்டாம். இனி அது அவருடைய எண். நிதித் தலைவர் முன் அதற்குப் பொறுப்பேற்பவரும் அவரே. திருத்தத்தை ஏற்று, அதே மின்னஞ்சல் தொடரில், மாற்றிய தொகுப்பை உடனே அனுப்புங்கள்.

புதிய பெயர் ஒன்று நகலில் சேர்ந்து வருவதும் நல்ல அடையாளம். "நன்றி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற பதில் அப்படியன்று. அதில் மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. பெரும்பாலும் அடுத்த படி அவருக்குப் பெரிதாகத் தோன்றியிருக்கிறது, அல்லது நிதித் தலைவரை அழைக்கத் தயங்குகிறார். அப்போது படியைச் சிறிதாக்குங்கள்: "நிதித் தலைவரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்; முதலில் மேற்பார்வையாளரும் நீங்களும் மட்டும் 20 நிமிடம் அடித்தளச் சோதனையைப் பாருங்கள்." மீண்டும் ஒரே படிதான், முன்னதற்கு மாற்றாக வருகிறதே தவிர, கூடுதலாக அன்று.

பதிலே வரவில்லை என்றால், மூன்று வேலை நாள் கழித்து அதே தொடரில் இரண்டு வாக்கியம் போதும். "என் மின்னஞ்சலைப் பார்த்தீர்களா" என்று கேட்பதால் பயனில்லை. காலக்கெடுவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதலாம்: "ஜூலை 1-க்குள் 45 பேருக்கும் பயிற்சி முடிய வேண்டுமானால், ஜூன் முதல் வாரத்துக்குள் சோதனை முடிவு தெரிய வேண்டும். அதனால்தான் மே 20-ஐக் குறிப்பிட்டேன். அந்த நாள் கடினம் என்றால் 25-ஆம் தேதி சரியாக வருமா?" அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இறுதியாக ஒரு மின்னஞ்சல்: இது இப்போது முன்னுரிமை இல்லை என்று எடுத்துக்கொள்வதாகவும், தொகுப்பு அவர்களிடம் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்தே தொடரலாம் என்றும் எழுதி, நம் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

## அடுத்த படியே இல்லாதபோது

சில அழைப்புகளின் முடிவில், அவர்களுக்குத் தேவையானது நம்மிடம் இல்லை என்பது தெளிவாகிவிடும். நம் மென்பொருள் சிக்னல் இல்லாமல் வேலை செய்யாது என்றால், மேலே கண்ட தொகுப்பின் மூன்றாவது கருத்து நம்மை அங்கேயே விலக்கிவிடுகிறது. அப்போதும் தொகுப்பை எழுதி அனுப்புவது நல்லது, அடுத்த படிக்குப் பதிலாக, "உங்கள் முதல் நிபந்தனையை எங்கள் மென்பொருள் இப்போது நிறைவேற்றாது. இணைப்பின்றிப் பதிவுசெய்து, சிக்னல் கிடைத்தபின் தானாக அனுப்பும் வசதி உண்டா என்று வேறு எந்த விற்பனையாளரிடமும் முதலில் கேளுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். மேலாளர் அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டே அடுத்த விற்பனையாளரிடம் பேசுவார். நமக்கோ, நிறைவேறாத ஒரு விற்பனையின் பின்னால் மே மாதம் முழுவதும் அலைய வேண்டிய வேலை இருக்காது.